ஆறரை லட்சம் எந்தப் பையில இருக்கு?

போன சித்திரைத் திருவிழாக்கு என் தங்கச்சி குடும்பத்தோட பெங்களூர்ல இருந்து வந்திருந்தப்ப, எதிர்சேவை பாத்துட்டு வந்து எல்லாரும் மொட்டமாடில உக்காந்திருந்தோம். பேச்சு எங்கெங்கயோ போயி கடைசில என் வீட்டு லோன்ல வந்து நின்னுச்சு. மேலூர்ப் பக்கம் இருந்த புஞ்சைய வித்ததுல என் பங்கா வந்த 5 லட்சத்த மாசி மாசமே லோன்ல போட்டுட்டேன்னு தங்கச்சிக்குத் தெரியும், மாப்ளைக்குத் தெரியாது. "சூப்பர் மச்சான், டென்யூர் எம்புட்டு கொறஞ்சுச்சு"ன்னு கேட்டாரு, கடன் முடியிற காலம் எத்தன மாசம் கொறஞ்சுச்சுன்னு அர்த்தம். டென்யூர் கொறைக்கலங்க, இஎம்ஐயத்தான் கொறைச்சேன்னு சொன்னேன். அவரு மூஞ்சி மாறுனத நீங்க பாத்திருக்கணும். செல்ல எடுத்து கால்குலேட்டர்ல நாலு தட்டு தட்டிட்டு, "மச்சான், ஆறரை லட்சத்தக் கொண்டுபோய் பேங்க்காரன் கையில குடுத்துட்டு வந்திருக்கீங்க"ன்னாரு. அக்கவுன்ட்ஸ் வேலை பாக்குறவன்ட்ட இப்படி ஒரு வார்த்தை. பொண்டாட்டி வேற பக்கத்துல இருக்கா. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அவரு சொன்ன கணக்கு தப்பில்ல, அதத்தான் மொதல்ல சொல்லணும். என் லோன் 30 லட்சத்துக்கு வாங்குனது, நாராயணபுரம் தாண்டி வீடு. நாலு வருஷத்துக்கு மேல கட்டி, நடுவுல வட்டி ஏறி எறங்கி, 5 லட்சம் போடுறதுக்கு மொத நாள் நெலவரம் இதுதான்: பாக்கி அசல் 27,27,600 ரூபா, வட்டி 8.5 சதவீதம், இஎம்ஐ 26,035, இன்னும் 192 மாசம், அதாவது 16 வருஷம். 5 லட்சத்தப் போட்டதும் அசல் 22,27,600க்கு வந்துரும். இனிமே ரெண்டு வழி. இஎம்ஐ அதே 26,035ஆவே இருக்கட்டும்னு விட்டா 132 மாசத்துல லோன் முடிஞ்சிரும், அஞ்சு வருஷம் மிச்சம். இல்ல 192 மாசம் அப்படியே இருக்கட்டும்னா இஎம்ஐ 21,263க்கு எறங்கும், மாசம் 4,772 ரூபா கையில நிக்கும். நீங்களே போட்டுப் பாக்கணும்னா எக்ஸல்ல ரெண்டே வரிதான், மொதல் வரி எத்தன மாசம்னு சொல்லும், ரெண்டாவது இஎம்ஐ எம்புட்டுன்னு சொல்லும்:

```
=NPER(8.5%/12,-26035,2227600)
=ROUNDUP(PMT(8.5%/12,192,-2227600),0)
```

இனிமே கட்டப்போற வட்டிய மட்டும் கூட்டிப் பாருங்க. 5 லட்சம் போடாமலே இருந்திருந்தா 22 லட்சத்து 71 ஆயிரம். டென்யூர் கொறைச்சா 12 லட்சத்து 9 ஆயிரம் சுமார். இஎம்ஐ கொறைச்சா 18 லட்சத்து 55 ஆயிரம். கடைசி ரெண்டுக்கும் வித்தியாசம் 6 லட்சத்து 46 ஆயிரம். மாப்ள சொன்ன ஆறரை லட்சம் இதுதான். யூடியூப்ல வர்ற அம்புட்டு பேரும் இந்த ரெண்டு நம்பரப் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டிட்டு, டென்யூரக் கொறைங்க, இஎம்ஐ கொறைக்கிறவன் ஏமாளின்னு முடிச்சிடுறாய்ங்க. நானும் பாத்துருக்கேன். பாத்துட்டும் இஎம்ஐயத்தான் கொறைச்சேன், அது ஏன்னு அன்னைக்கு என்னால வாயத் தொறந்து சொல்ல முடியல.

உண்மையச் சொன்னா பயம்தான். பைபாஸ் ரோட்டுல ஒரு டூவீலர் ஷோரூம்ல வேல, சம்பளமும் இன்சென்டிவும் சேத்து 42 ஆயிரம் சொச்சம், வீட்டம்மா தனியார் ஸ்கூல் டீச்சர், அவங்களுக்கு 16 ஆயிரம். ரெண்டும் சேந்து 58 ஆயிரத்துல 26 ஆயிரம் இஎம்ஐக்குப் போனா மிச்சத்துல பையன் டியூஷன், அப்பா அம்மா மருந்து, பாலு, பெட்ரோல்னு எல்லாம் ஓடணும். 2020 லாக்டவுன்ல ரெண்டு பேருக்கும் பாதிச் சம்பளம். அப்ப வாடகை வீடுதான், ஹவுஸ் ஓனர்ட்ட ரெண்டு மாசம் கெஞ்சி நின்னு ஓட்டுனோம். பேங்க்ல போயி அப்படி நிக்க முடியுமா? அந்த நெனப்பு இன்னும் வயித்துக்குள்ளயே கெடக்கு, அதான் 5 லட்சம் கையில வந்ததும் மொதல்ல மாசச் சொமைய எறக்கிருவோம்னு தோணுச்சு. ஆனா பயத்துல எடுத்த முடிவுக்கு ஆறரை லட்சம் வெலைன்னா அது ரொம்ப ஜாஸ்தி இல்லையா. மறுநாளே பேங்க்ல போயி டென்யூருக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டுருவோம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

அப்பாவோட வேபில்

எங்கப்பா கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. காலையில திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவரு, நான் சட்ட மாட்டிக் கெளம்புறதப் பாத்து என்னப்பா லீவு நாள்ல எங்கன்னு கேட்டாரு. இல்லப்பா, பேங்க்ல ஆள் இருப்பாங்களான்னு பாத்துட்டு வரப்போறேன், இப்படி ஆறரை லட்சம் போயிருச்சாம்னு சொன்னேன். அவருக்கு என்பெர், பிஎம்டி எல்லாம் தெரியாது. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அந்த ஆறரை லட்சம் எந்தப் பையில இருக்கு?"ன்னு கேட்டாரு. பேங்க்கு பையிலதான்பான்னேன். அவரு விடல. "மாசம் நாலாயிரத்துச் சொச்சம் நீ கம்மியா கட்டுற, அது யார் பையில இருக்கு? வேபில்ல டிக்கெட் வித்ததா எழுதுனதுக்கும் பையில இருக்குற காசுக்கும் டேலி ஆகலேன்னா காசு காத்துல போகாது, எங்கிட்டாவது ஒரு பையில இருக்கும், அதத் தேடணும்"னாரு. சொல்லிட்டு பேப்பருக்குள்ள போயிட்டாரு.

நான் சட்டையக் கழட்டிட்டு லேப்டாப்ப எடுத்து வச்சேன். ரெண்டு ஷீட்டு. ஒண்ணுல 26,035 கட்டிக் கட்டி 132வது மாசத்துல பாக்கி பூஜ்யம். இன்னொண்ணுல 21,263 கட்டிக் கட்டி 192வது மாசத்துல பூஜ்யம். ரெண்டாவது ஷீட்டுல எக்ஸ்ட்ராவா ஒரு வரிசை போட்டு, அந்தக் கையில நிக்கிற 4,772 ரூபாய மாசாமாசம் லோன்லயே திரும்பப் போட்டா என்னாகும்னு இழுத்து விட்டேன். அதுவும் 132வது மாசத்துலதான் பூஜ்யத்துக்கு வந்துச்சு. அதே வட்டி, அதே மொத்தத் தொகை, ரூபா சுத்தமா ஒத்துப்போகுது. யோசிச்சா இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, 21,263உம் 4,772உம் கூட்டுனா 26,035தான, பேங்க்கு கம்ப்யூட்டருக்கு அதுக்குப் பேரு இஎம்ஐயா பார்ட் பேமென்ட்டான்னா தெரியப்போகுது, பாக்கி அசல் மேல வட்டி போடும், அம்புட்டுதான். பத்து வருஷமா டேலி பாக்குறவனுக்கு இது மொதல்லயே ஒறைச்சிருக்கணும், ஒறைக்கல.

அப்ப ஆறரை லட்சம் எங்க இருந்து வந்துச்சு? 5 லட்சத்துல இருந்து வரல. 5 லட்சம் ரெண்டு வழியிலயும் ஒரே வேலையத்தான் பாக்குது, போட்ட அன்னைல இருந்து அதுக்கு 8.5 சதவீத வட்டி நிக்குது. வித்தியாசம் முழுக்க அந்த 4,772லதான் இருக்கு. டென்யூர் கொறைச்சவன் 11 வருஷம் மாசாமாசம் 4,772 எக்ஸ்ட்ராவா கட்டுறான், மொத்தம் 6 லட்சத்து 30 ஆயிரம் கிட்ட. இஎம்ஐ கொறைச்சவன் அதக் கட்டல, அதுக்குப் பதிலா கடைசி அஞ்சு வருஷத்துல 21,263 வீதம் 60 தவணை கட்டுறான், அது 12 லட்சத்து 76 ஆயிரம். பன்னெண்டே முக்கால்ல ஆறு முப்பதக் கழிங்க, மாப்ளயோட ஆறு நாப்பத்தாறு வந்து நிக்கும். அதாவது அது மாசம் 4,772 ரூபாய 11 வருஷம் பேங்க்குட்ட கடனா வச்சிருந்ததுக்கு வட்டி. அந்தப் பணத்த என்ன பண்ணோம்ங்கிறதப் பொறுத்துதான் அது நட்டமா இல்லையான்னு தெரியும். மாசாமாசம் எங்கயாவது 6.5 சதவீதத்துக்குச் சேத்து வச்சாக்கூட 132 மாசத்துல 9 லட்சத்து 16 ஆயிரம் ஆகியிருக்கும், அன்னைக்கு லோன்ல பாக்கி 10 லட்சத்து 36 ஆயிரம் இருக்கும். ஆக நெசமான நட்டம் 1 லட்சத்து 20 ஆயிரம், அந்தச் சேமிப்பு வட்டிக்கு வரி வந்தா இன்னும் கொஞ்சம். அதே பணத்த லோன்லயே திரும்பப் போட்டா நட்டம் பூஜ்யம். செலவு பண்ணிட்டா, மாப்ள சொன்ன ஆறரை லட்சம் முழுசா நட்டம்.

நான் கெளம்பி பேங்க்குக்குப் போகல.

கதவு ஒரு பக்கம்தான் லேசாத் தொறக்கும்

இதுக்கப்புறம் எனக்குப் புரிஞ்ச ஒரு விஷயம்தான் இந்தப் பதிவ எழுத வச்சுது. இஎம்ஐ கொறைச்சு வச்சிருக்கிறவன் எந்த மாசம் வேணும்னாலும் எக்ஸ்ட்ரா கட்டி, டென்யூர் கொறைச்சவனாவே மாறிக்கலாம். யாரையும் கேக்க வேண்டாம். அப்பப்ப வட்டி மாறுற ஃப்ளோட்டிங் ரேட் வீட்டு லோனுக்கு முன்கூட்டிக் கட்டுறதுக்கு அபராதம் போடக்கூடாதுன்னு 2012லயே ரிசர்வ் பேங்க் பேங்க்குகளுக்குச் சொல்லிருச்சு, அதனால காசும் செலவில்ல. (ஃபிக்ஸட் ரேட்டா இருந்தா இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, மொதல்ல அக்ரிமென்ட்டப் பாருங்க.) ஆனா டென்யூர் கொறைச்சவனுக்கு ஒரு வருஷம் கழிச்சு வேல போயிருச்சுன்னு வைங்க, இஎம்ஐயக் கொறைச்சு திரும்ப 16 வருஷமா ஆக்குங்கன்னு போயி நின்னா, அது பேங்க்கு இஷ்டம். சம்பளம் இல்லாத நேரத்துல சம்பள ஸ்லிப் கேப்பாங்க. கஷ்டத்துனால தவணைய நீட்டுனாங்கன்னா அது லோன மறுசீரமைப்பு பண்ணதா ஆகி, கிரெடிட் ரிப்போர்ட்டுலயும் வந்து நிக்கும். ஒரு பக்கம் நம்ம கையில சாவி இருக்கு, இன்னொரு பக்கம் அவங்க கையில. நான் பயந்து எடுத்த முடிவுக்குப் பின்னாடி இப்படி ஒரு நியாயம் இருந்திருக்கு, எனக்கே தெரியாம.

அதுக்காக இஎம்ஐ கொறைக்கிறதுதான் எல்லாருக்கும் சரின்னு நான் சொல்லல. ரெண்டு எடத்துல அது கடிக்கும். ஒண்ணு வட்டி ஏறுறப்ப. 2022 மே மாசம் 4 சதவீதத்துல இருந்த ரெப்போ, அதாவது ரிசர்வ் பேங்க் பேங்க்குகளுக்குக் கடன் குடுக்குற வட்டி, 2023 பிப்ரவரிக்குள்ள 6.5 ஆச்சே, அப்ப என் இஎம்ஐ பைசா ஏறல, சந்தோஷமா இருந்தேன். பின்னாடி பாத்தா டென்யூரச் சத்தமில்லாம நீட்டி வச்சிருந்தாங்க. இப்ப 22,27,600 பாக்கியில வட்டி ஒரு சதவீதம் ஏறி 9.5 ஆச்சுன்னு வைங்க. இஎம்ஐ 26,035 கட்டுறவனுக்கு 132 மாசம் 144 ஆகும், ஒரு வருஷம் கூட. 21,263 கட்டுறவனுக்கு 192 மாசம் 224ஐத் தாண்டிரும், ரெண்டே முக்கால் வருஷம் கிட்ட கூட. ஒரே கடன், ஒரே வட்டி, ஆனா கொறஞ்ச இஎம்ஐ வட்டிய ஒட்டியே ஓடுது, வட்டி கொஞ்சம் ஏறுனாலும் அசலுக்குப் போற மிச்சம் ரொம்பக் கொறஞ்சிரும். 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கைக்கு அப்புறம், வட்டி மாத்துறப்ப இஎம்ஐய ஏத்தணுமா டென்யூர நீட்டணுமா இல்ல ரெண்டும் கலந்தான்னு நம்மளக் கேக்கணும். கேட்டு மெசேஜ் வந்தா அழிச்சிட்டுப் போயிராதீங்க, நான் ஒருதரம் ஏதோ விளம்பரம்னு நெனச்சு அழிச்சேன்.

இன்னொண்ணு நம்ம கை. அதுக்கு அப்புறமா வர்றேன்.

5 லட்சம் போயி ஒக்காந்த எடம்

இதுல நடந்த ஒரு கூத்தச் சொல்லாம விட முடியாது, ஏன்னா டென்யூரா இஎம்ஐயான்னு மண்டைய ஒடைச்சுக்குறதுக்கு முன்னாடி, போட்ட பணம் அசல்லதான் போச்சான்னு பாக்கணும். நான் இஎம்ஐ புடிச்ச மறுநாள் 5 லட்சத்த லோன் அக்கவுன்ட் நம்பருக்கு ஆன்லைன்லயே அனுப்பிட்டேன். பணம் வந்துருச்சுன்னு மெசேஜும் வந்துச்சு. பிராஞ்ச்ல போயி இஎம்ஐயக் கொறைச்சுக் குடுங்கன்னு வாயால சொல்லிட்டு வந்தேன், அவங்களும் தலைய ஆட்டுனாங்க. அடுத்த மாசம் அதே 26,035 புடிச்சாங்க. சரி, சிஸ்டத்துல ஏற லேட்டாகும்போலன்னு இருந்துருப்பேன், ஆனா தொழில் புத்தி, ஸ்டேட்மென்ட்ட எறக்கி வட்டிக் கட்டத்தப் பாத்தேன். 19,320ன்னு இருக்கு. அசலுக்கு 6,715தான் போயிருக்கு.

27,27,600க்கு 8.5 சதவீதத்துல ஒரு மாச வட்டி 19,320. 5 லட்சம் கழிஞ்சிருந்தா 22,27,600க்கு 15,779 வரணும், ஒருநாள் முன்னபின்ன பணம் போனதுக்கு ஒரு 100 ரூபா மாறலாம். ஆக 3,500 ரூபா கொறஞ்சிருக்கணும், ஒத்தப் பைசா கொறையல. போயி ஒக்காந்து கேட்டா, பணம் அட்வான்ஸ் இஎம்ஐ மாதிரி தனியா நிக்குதாம், அசல்ல வரவு வைக்கலையாம். அப்படியே விட்டிருந்தா மாசாமாசம் 3,500 ரூபா சும்மா போயிட்டே இருந்திருக்கும், என் கணக்குல 5 லட்சமும் பத்திரமா இருக்குறதாக் காட்டிக்கிட்டே. பணம் அனுப்புறதுக்கு முன்னாடியே "இது பகுதி முன்கட்டணம், அசல்ல வரவு வைக்கவும், டென்யூர் மாறாம இஎம்ஐயக் கொறைக்கவும்"னு எழுதிக் குடுத்து, காப்பில சீல் வாங்கியிருக்கணும். எழுதிக் குடுக்கலேன்னா நெறைய எடத்துல சிஸ்டம் தானாவே இஎம்ஐய மாத்தாம வச்சிரும், அதாவது நீங்க கேக்காமலே டென்யூர் கொறையும். ரெண்டு நாள் அலைஞ்சு, மெயில் போட்டு, கடைசில பணம் வந்த தேதியிலயே வரவு வச்சு கூடப் புடிச்ச வட்டியையும் சரி பண்ணிட்டாங்க. அதுல ஒண்ணும் கொறையில்ல. புது அட்டவணை ஒண்ணு பிரின்ட் போட்டு வாங்கிட்டு வந்தேன், இஎம்ஐ 21,263, அதுல மொத மாச வட்டி 15,779, அசல் 5,484.

இப்ப யாராவது லோன்ல பணம் போட்டேன்னு சொன்னா நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அடுத்த மாசம் வட்டிக் கட்டத்துல எம்புட்டு கொறஞ்சுச்சு? போட்ட தொகைய வட்டி விகிதத்தால பெருக்கி 12ஆல வகுத்தா வர்றது அங்க கொறஞ்சிருக்கணும். 5 லட்சத்துக்கு 3,542. ஒரு லட்சத்துக்கு 708. மெசேஜ், ரசீது எல்லாத்தையும் விட அந்த ஒரு நம்பர்தான் பொய் சொல்லாது.

நம்ம கை

சரி, 4,772 கதைக்கு வருவோம். வைகாசியில இருந்து அத மாசாமாசம் லோன்ல போட்டுருவோம்னு முடிவு. மொத மாசமே தடங்கல். பார்ட் பேமென்ட்டுன்னா கொறஞ்சது ஒரு இஎம்ஐ அளவாவது இருக்கணும்ங்கிறாங்க. இது எடத்துக்கு எடம் மாறும், சில எடத்துல எம்புட்டு வேணா போடலாம், சில எடத்துல வருஷத்துக்கு இத்தன தடவதான்னு இருக்கும். அதனால ஆறு மாசம் சேத்து 28,632ஆ ஒரே தடவ போடுறதுன்னு வச்சுக்கிட்டேன், அதுக்குன்னு தனியா ஒரு சேமிப்புக் கணக்கு, ஏடிஎம் கார்டு வாங்கல. அப்படிச் சேத்து வச்சுப் போடுறதுல ஆறு மாசத்துக்கு ஒரு 500 ரூபா வட்டி நட்டம், சேமிப்புக் கணக்கு வட்டியில அதுல ஒரு பகுதி திரும்பி வந்துரும். அது பெரிய விஷயமில்ல.

பெரிய விஷயம், ஆறு மாசம் கழிச்சு அதுல பணம் இருக்குமாங்கிறதுதான். ஐப்பசியில தங்கச்சி போன் பண்ணுனா. பாப்பா பெரிய மனுஷியாயிட்டா, சடங்கு மதுரையிலதான் வைக்கிறோம், தாய்மாமன் நீதான்னா. தாய்மாமன் சீருன்னா என்னன்னு இந்த ஊர்க்காரவுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. தட்டு எத்தனைன்னு எண்ணுவாய்ங்க, பட்டு என்ன வெலைன்னு தொட்டுப் பாப்பாய்ங்க. ஒரு ஜோடி கம்மல், பட்டுச்சேல, பழம், மாலை, மேளம்னு போட்டதுல கார்டு வாங்காத அந்தக் கணக்கு தொடச்ச மாதிரி ஆயிருச்சு, அதுக்கு மேல ஒரு 20 ஆயிரம் நண்பன்ட்ட கைமாத்து. வீட்டம்மா ஒண்ணும் சொல்லல. ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே, "டென்யூரக் கொறைச்சிருந்தா இது நடந்திருக்காதுல்ல"ன்னு மட்டும் கேட்டாங்க.

நடந்திருக்காது, நெசம்தான். ஆனா சீரு நடந்திருக்கும், அது நிக்காது. பணம் வேற எடத்துல இருந்து வந்திருக்கும். நகைய வச்சு வாங்கியிருப்பேன், இல்ல பெர்சனல் லோன், அதுக்கு வட்டி 8.5க்கு மேலதான், எங்க தெரு ஃபைனான்ஸ்ல வாங்குனா கேக்கவே வேண்டாம். இப்ப என் 28,632க்கு நான் குடுத்த வெல 8.5தான். வீட்டு லோன விட மலிவா எனக்கு வேற எவனும் கடன் குடுக்கப் போறதில்ல. இந்தக் கோணத்துல பாத்தா கொறஞ்ச இஎம்ஐங்கிறது மாசாமாசம் நாலாயிரத்துச் சொச்சம் 8.5 வட்டிக்குத் தயாரா வச்சிருக்குற ஒரு பெட்டி மாதிரி. ஆனா இந்தப் பேச்சு பேசிப் பேசியே வருஷம் பூரா பெட்டியத் தொறந்துக்கிட்டு இருந்தா மாப்ள சொன்ன ஆறரை லட்சத்துக்கு நான்தான் சொந்தக்காரன். சீருக்கு எடுத்தது வேற, ஆடித் தள்ளுபடிக்கு எடுக்குறது வேற, ரெண்டையும் பெட்டி ஒரே மாதிரிதான் தொறந்து விடும்.

கையில காசு நின்னா தங்காதுன்னு தெரிஞ்சவுக டென்யூரக் கொறைச்சுக்கங்க, அது ஒரு பூட்டு, அதுக்கு அந்த வெல குடுக்கலாம். ரெண்டு பேருக்கும் நல்ல சம்பளம், ஆறு மாசச் செலவுக்குக் கையிருப்பு தனியா இருக்கு, ரிட்டயர்மென்ட் பக்கத்துல வருதுன்னாலும் அதுதான் சரி. எங்க மாப்ளைக்கு அது சரி. என்ன மாதிரி சம்பளத்துல பாதி கிட்ட இஎம்ஐக்குப் போறவன், அடுத்த ரெண்டு வருஷத்துல பையன காலேஜ்ல சேக்கணும்னு நிக்கிறவன், கல்விக் கடனுக்குப் போயி நிக்கிறப்பவும் இருக்குற இஎம்ஐ எம்புட்டுன்னுதான் மொதல்ல பாப்பாங்க. 26 ஆயிரத்துக்குப் பதிலா 21 ஆயிரம்னு இருந்தா அங்க பேச ஒரு வாய் இருக்கும்.

சடங்கு முடிஞ்சு மண்டபத்துல மொய் நோட்டு சரி பாத்துக்கிட்டு இருந்தப்ப மாப்ள வந்து பக்கத்துல உக்காந்தாரு. நோட்டுல மொதல் வரி தாய்மாமன் பேருதான். "மச்சான், இந்த அரை வருஷம் லோனுக்கு எம்புட்டு கட்டுனீங்க?"ன்னு கேட்டாரு. அவரு விடுற ஆள் இல்ல. நோட்டத் தள்ளி அந்த மொதல் வரியக் காட்டுனேன். கொஞ்ச நேரம் அதையே பாத்தவரு, "சரி விடுங்க மச்சான், பையன் காலேஜுக்கு நான் பாத்துக்கிறேன்"னாரு. பாப்பாரான்னு தெரியாது, சொன்னாரு.

சித்திரைக்குள்ள அடுத்த 28,632 சேந்துச்சு, லெட்டர் எழுதி சீல் வாங்கிட்டுத்தான் போட்டேன். அடுத்த ஸ்டேட்மென்ட்ல வட்டி வழக்கமாக் கொறையிறத விட 203 ரூபா அதிகமாக் கொறஞ்சிருந்துச்சு. அப்பாட்ட காட்டுனேன். கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டு நம்பரப் பாத்துட்டு, டேலி ஆகுதுன்னாரு.